கனகா போட்ட சிவப்பு வட்டம்

செங்குளத்துப்பட்டியில் போய்க் கனகா வீடு எது என்று கேட்டால் எந்தக் கனகா என்பார்கள். பேங்க் கனகா என்று கேட்டால் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். அவள் பேங்க்கில் வேலை பார்க்கிறவள் இல்லை. பேங்க் இருப்பது ஒன்பது கிலோமீட்டர் தள்ளி மேலூரில். அந்த பேங்க் ஊருக்கு ஒரு ஆள் வைத்து, கைரேகை வைக்கிற மிஷின் ஒன்றும் கொடுத்து, பணம் எடுக்கவும் போடவும் ஏற்பாடு செய்திருக்கிறது. அந்த ஆள்தான் கனகா. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஒற்றை அறை. ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு ஃபேன். ஃபேன் காற்று வரும்போது சீட்டெல்லாம் பறக்கும் என்று மேசை மேல் நாலு கூழாங்கல் வைத்திருப்பாள்.

அவள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு வரை போன முதல் பெண் அவள்தான். அவளுடைய அப்பா ஊரான் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். ஒரு நாள்கூடத் தன் பேரைத் தானே எழுதியதில்லை. அதனாலோ என்னவோ, எழுதத் தெரியாதவர்களைப் பார்த்துக் கனகா ஒரு நாளும் சிரித்ததில்லை. ஒரு பாரம் வந்தால், அதில் ரேகை வைக்க வேண்டிய இடம், கையெழுத்துப் போட வேண்டிய இடம், நம்பர் எழுத வேண்டிய இடம் எல்லாவற்றிலும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைப்பாள். "வட்டம் போட்ட எடத்துல வைங்க" என்பாள். அவ்வளவுதான். படித்தவர், படிக்காதவர், கண் தெரியாதவர் எல்லாருக்கும் அந்த வட்டம் போதும். பதினோரு வருஷமாக அந்த ஊரே அவள் வட்டத்தில்தான் கையை வைத்து வந்தது. ஒரு தடவைகூட வட்டம் தப்பினது இல்லை.

மற்றவர்கள் அதை நம்பினது பெரிசில்லை. அவளே அதை ரொம்ப நம்பினாள். வந்த வினை அதில்தான்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் பஞ்சாயத்துக் கட்டிடத்தில் கேஒய்சி முகாம் போட்டார்கள். கணக்குத் தொடங்கி ரொம்ப நாள் ஆனவர்கள் ஆதாரையும் போட்டோவையும் மறுபடி காட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு முடங்கும் என்று கனகாவே தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனாள். முக்கால்வாசிப் பேர் வந்தார்கள். மலையம்மாள் வரவில்லை. அன்றைக்கு அவள் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிற நாள்.

மலையம்மாளுக்கு வயது ஐம்பத்திரண்டு. புருஷன் போய் ஆறு வருஷம். மகள் மதுரையில் கோச்சடைப் பக்கம் வாக்கப்பட்டிருக்கிறாள். இங்கே மலையம்மாள் ஒண்டிக்கட்டை. மழைக்கு ஒழுகுகிற ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு, அரசாங்க வீட்டுத் திட்டத்தில் புது வீடு கட்டத் துணிந்துவிட்டாள். முதல் தவணையில் அஸ்திவாரம் முடிந்தது. இரண்டாவது தவணை கணக்குக்கு வந்து சேர்ந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஏற்கெனவே இருந்ததோடு சேர்த்து நாற்பத்தாறாயிரத்து இருநூறு. செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் அதுதான். மழைக்காலத்துக்குள் சுவர் எழும்பவில்லை என்றால் அவள் படுக்கிறது பள்ளிக்கூட வராண்டாவில்தான். இது ஊருக்கே தெரியும்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் கல்குவாரியிலிருந்து நேராகப் பேயாண்டி வந்து கனகாவின் மேசை மேல் போனை வைத்தான். தலையெல்லாம் வெள்ளைத் தூசி.

"தங்கச்சி, எங்கணக்க மூடப் போறாங்களாமே. பாரு."

"ஒங்க கணக்க எதுக்குண்ணே மூடுறாங்க? மொகாமுக்குத்தான் வந்தீகளே."

"அதத்தான் நானும் கேக்குறேன். நீ ஒழுங்கா ஏத்துனியா இல்லையா?"

"ஏத்துனேன், ஏத்துனேன். போன இங்க குடுங்க."

கனகா படித்துப் பார்த்தாள். இங்கிலீஷில் இருந்தது. அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் கேஒய்சி காலாவதி ஆகிவிட்டது, இன்று மாலை ஆறு மணிக்குள் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும், கீழே உள்ள லிங்க்கை அழுத்தவும் அல்லது எங்கள் அதிகாரியை அழைக்கவும் என்று இருந்தது. கீழே ஒரு லிங்க். அதற்குக் கீழே ஒரு செல் நம்பர்.

"அண்ணே, தொட்டீகளா?"

"எத?"

"இந்த நீலமா இருக்குற எழுத்த."

"தொடல. கையில ஜெல்லி தூசி. தொட்டா ஸ்கிரீன் போயிரும்னு தொடல."

"நல்லதாப் போச்சு. தூசிக்கு ஒரு கும்புடு போடுங்க."

அவள் அவனுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பேங்க் மெசேஜ் வந்தால் அனுப்பின இடத்தில் இங்கிலீஷ் எழுத்தில் பேங்க்கின் சுருக்கப் பேர் இருக்கும். இதிலோ சும்மா பத்து நம்பர், உன் மாமன் மச்சான் நம்பர் மாதிரி இருக்கிறது. பேங்க்குக்கு உன் பேர் தெரியும், கணக்கின் கடைசி நாலு நம்பர் தெரியும். இவனுக்கு ஒன்றும் தெரியாது, அதனால்தான் அன்புள்ள வாடிக்கையாளர் என்கிறான். இன்றைக்கு ஆறு மணிக்குள் என்று அவசரப்படுத்துகிறான். யோசிக்க விடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த அவசரம். லிங்க்கில் நடுவில் பேங்க் பேர் இருக்கிறது, முடிகிற இடத்தில் வேறு என்னவோ இருக்கிறது. இப்போது பேங்க் வெப்சைட் எல்லாம் டாட் பேங்க் டாட் இன் என்றுதான் முடியவேண்டும். அப்டேட் என்கிற சொல்லிலேயே எழுத்துப் பிழை. போன் பண்ணச் சொல்லிக் கொடுத்திருப்பது ஒரு தனி ஆளுடைய செல் நம்பர்.

"இம்புட்டு ஓட்டையா? ஒரு மெசேஜ் ஒழுங்கா அடிக்கத் தெரியாதவனா எங்கணக்க மூடப் போறான்" என்றான் பேயாண்டி.

"அப்பிடி நெனைக்காதீங்க. நாளைக்கு ஓட்டையில்லாம அடிச்சு அனுப்புவான். பேங்க் பேருலயே வந்தாலும் லிங்க்க அழுத்தச் சொன்னா, நம்பர் சொல்லச் சொன்னா, நேரா இங்க வாங்க. இல்ல மேலூருக்குப் போங்க. அதுவும் முடியலன்னா ஏடிஎம் கார்டு பின்னாடி ஒரு நம்பர் போட்டிருக்கும், அதுக்குப் போடுங்க. அவன் குடுத்த நம்பருக்கு மட்டும் போடாதீங்க."

பேயாண்டி போனதும் கனகாவுக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது. அந்த மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தன் போனுக்கு அனுப்பி வைத்திருந்தாள். அதில் விரலாலேயே சிவப்பில் எழுதலாம். அனுப்பின நம்பரைச் சுற்றி ஒரு வட்டம். ஆறு மணி என்கிற இடத்தில் ஒரு வட்டம். லிங்க்கில் ஒரு வட்டம். கடைசியில் இருந்த செல் நம்பரில் எல்லாவற்றையும் விடப் பெரிசாக ஒரு வட்டம், இரண்டு சுற்று சுற்றி. படத்துக்குக் கீழே பதினான்கு வரியில் எல்லாவற்றையும் தமிழில் எழுதினாள். மோசடியின் அடையாளங்கள் இவை, என்ன செய்யக் கூடாது, என்ன செய்ய வேண்டும், பணம் போய்விட்டால் உடனே ஒன்று ஒன்பது மூன்று பூஜ்யத்துக்கு அழைக்க வேண்டும் என்று. ஒரு எழுத்துப் பிழை இல்லை. படித்துப் பார்த்து அவளுக்கே பிடித்துப் போயிற்று. மகளிர் குழுப் பெண்கள் நாற்பத்தாறு பேர் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டு, இட்லிக்கு மாவு ஆட்டப் போனாள்.

பதினான்கு வரியைப் போன் முழுசாகக் காட்டாது. நாலு வரி காட்டிவிட்டு, மேலும் படிக்க என்று நிறுத்திக்கொள்ளும். படிக்கிறவர் அதை அழுத்திப் படிப்பார். படிக்காதவர் படத்தைப் பார்ப்பார். படத்தில் கனகாவின் சிவப்பு வட்டம் இருந்தது.

மறுநாள் காலை பதினோரு மணி இருக்கும். மேசை முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மலையம்மாள் போனைக் காதில் வைத்தபடியே உள்ளே வந்தாள். சிமெண்டுக் காரை ஒட்டின காலோடு வந்திருந்தாள். கட்டிட வேலை நடக்கிற இடத்திலிருந்து நேராக வந்திருக்க வேண்டும்.

"இந்தா, வந்துட்டேன் சார். இந்தா, புள்ளகிட்டக் குடுக்குறேன்" என்று போனுக்குள் சொல்லிவிட்டு, போனைக் கனகாவிடம் நீட்டினாள். "ஏத்தா, ரெண்டாவது நம்பர் வந்திருக்காம். எங்க வந்திருக்குன்னு எனக்குத் தெரியல. மொத நம்பர நானே சொல்லிட்டேன். இத நீ வாசிச்சுச் சொல்லிரு."

"யாருகிட்ட மதினி?"

"பேங்க்காரருகிட்ட. நான்தான் மொகாமுக்கு வரலயே. நீ வட்டம் போட்டு அனுப்புனியே, அந்த நம்பருதான்."

கனகா போனை வாங்கினாள். உள்ளே ஒரு ஆள் பேசிக்கொண்டே இருந்தான். நல்ல தமிழ்தான், ஆனால் இந்தப் பக்கத்துத் தமிழ் இல்லை. "அம்மா, லைன்ல இருங்க, கட் பண்ணாதீங்க, கட் பண்ணா அக்கவுண்ட் லாக் ஆயிடும்" என்றான். மேலே திரையில் ஆறு இலக்க நம்பர் ஒன்று மெசேஜில் வந்து நின்றது. பத்தொன்பதாயிரம் ரூபாய்க்கு, யாருக்கும் சொல்லாதீர்கள் என்று அதிலேயே எழுதியிருந்தது, இங்கிலீஷில்.

கனகா கட் பண்ணினாள்.

"ஏன்டி கட் பண்ணுன? லாக் ஆயிரும்னு சொன்னாருல்ல?"

"மதினி, உக்காருங்க. மொத நம்பர் சொன்னது எப்ப?"

"இப்பத்தான். வரும்போது. சிமிண்டுக் கடை முக்குல நின்னு சொன்னேன்."

"கார்டு நம்பரு கேட்டானா?"

"கேட்டாரு. பதினாறையும் சொன்னேன். பின்னாடி மூணு நம்பரும் சொன்னேன். கண்ணாடி இல்லாம எம்புட்டுக் கஷ்டப்பட்டுச் சொன்னேன் தெரியுமா."

போன் மறுபடி அடித்தது. அதே நம்பர். கனகா அதை அடிக்க விட்டாள். மெசேஜ் பெட்டியைத் திறந்தாள். முதல் மெசேஜ் பதினொன்று இரண்டுக்கு வந்திருந்தது. இருபத்து நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் எடுக்கப்பட்டது. மணியைப் பார்த்தாள். பதினொன்று ஒன்பது.

நாற்காலியில் இருந்த இரண்டு பேரில் ஒருத்தி செல்லக்கிளி. அவள் வந்தது நூறு நாள் வேலைக் கூலி எடுக்க. எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அதுக்குத்தான் காலையில இருந்து பிசியாவே கெடந்துச்சா? அந்த நம்பருக்கு நானும் மூணு தடவ போட்டேன் கனகாக்கா. லைனே கெடைக்கல."

கனகா அவளை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபம் இல்லை. செல்லக்கிளியைக் காப்பாற்றினது மலையம்மாளின் போன்தான் என்று அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றியது.

"மதினி, நான் சொல்றதக் கேளுங்க. அவன் பேங்க்காரன் இல்ல. திருடன். இருபத்து நாலாயிரத்து ஐந்நூறு போயிருச்சு. மிச்சத்துக்குத்தான் இந்த ரெண்டாவது நம்பர் கேட்டான்."

மலையம்மாளின் காலில் இருந்த காரை காய்ந்து வெடித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்.

"திருடன்னு தெரிஞ்சு நீ எதுக்கு வட்டம் போட்ட?"

கனகா அவளுடைய கார்டை வாங்கித் திருப்பினாள். பின்னால் அச்சடித்திருந்த நம்பருக்கு மலையம்மாள் போனிலிருந்தே அடித்தாள். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அது அலைக்கழித்து, கடைசியில் கார்டை நிறுத்தியாயிற்று என்று சொன்னது. கணக்கிலிருந்து வேறு எந்த வழியிலும் பணம் போகாமல் நிறுத்தச் சொன்னாள். ஒரு புகார் நம்பர் கொடுத்தார்கள். மேசையில் இருந்த பாரத்தின் பின்னால் எழுதிக்கொண்டாள்.

அதே நேரம் தன்னுடைய போனில் ஒன்று ஒன்பது மூன்று பூஜ்யம் போட்டாள். பிசி. மறுபடி போட்டாள். பிசி. செல்லக்கிளி, "நானும் போடவாக்கா? இன்னைக்கு நமக்கு லைன் கெடைக்கிற நாளு இல்ல போல" என்றாள். அவள் போனிலும் போட்டார்கள். ஆறாவது தடவையில் கனகாவுக்கு ஒரு பெண் குரல் தமிழில் எடுத்தது. பேர், ஊர், கணக்கு நம்பர், எந்த பேங்க், எத்தனை மணிக்கு, எவ்வளவு, மெசேஜில் இருக்கிற பரிவர்த்தனை எண் என்ன, அவன் பேசின நம்பர் என்ன. கேள்வி கேள்வியாக வந்தது. அந்தக் குரலில் அவசரமும் இல்லை, இரக்கமும் இல்லை. எழுதிக்கொள்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஓடிபி நீங்களே சொன்னீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

கனகா மலையம்மாளைப் பார்த்தாள். மலையம்மாள் போனைத் தன் பக்கம் இழுத்தாள். "நாந்தேன் சொன்னேன் தாயி. மறைக்கல. எழுதிக்கங்க."

பதினொன்று முப்பத்தொன்றுக்குப் புகார் எண் மெசேஜில் வந்தது. இருபத்து நாலு மணி நேரத்துக்குள் வெப்சைட்டில் முழுப் புகாரையும் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு அந்தக் குரல் போயிற்று.

மலையம்மாள் போனை நாற்காலிக்காரர்கள் எல்லாரும் எட்டிப் பார்க்க, கனகா ஒருமுறை தேடினாள். புதுசாக ஏதாவது ஆப் இறங்கியிருக்கிறதா என்று. இல்லை. ஆனால் அந்த ஆள் வாட்ஸப்பில் ஒரு ஃபைல் அனுப்பியிருந்தான், பேங்க் பேர் போட்டு. அதைத் திறந்தால் போனே அவன் கைக்குப் போகும். மலையம்மாள் திறக்கவில்லை, திறக்கத் தெரியவில்லை.

"இத அழிச்சிரட்டா?" என்று செல்லக்கிளி கையை நீட்டினாள்.

"தொடாத. தெறக்கவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். போலீஸ் கேப்பாங்க."

அதற்குப் பிறகுதான் கனகா குரூப்பைத் திறந்தாள். தன் படத்தைப் பார்த்தாள். இருபத்தொன்பது பேர் பார்த்திருந்தார்கள். பதினோரு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். ஒருத்தி, "சரிக்கா, போட்டுர்றேன்" என்று எழுதியிருந்தாள். எதைப் போட்டுர்றேன் என்று நேற்று ராத்திரியே கனகா யோசித்திருக்க வேண்டும். எல்லாருக்கும் அழி என்பதை அழுத்தினாள். பிறகு இருபத்தொன்பது பேருக்கும் வரிசையாகப் போன் பண்ணினாள். நாலு பேர் அந்த நம்பருக்கு அடித்திருந்தார்கள். நாலு பேருக்கும் லைன் கிடைக்கவில்லை. "போட்டுர்றேன்" என்றவள் களத்தில் இருந்தாள், சாயங்காலம் போடலாம் என்று வைத்திருந்தாள்.

மதியம் இரண்டு மணி பஸ்ஸில் இரண்டு பேரும் மேலூர் போனார்கள். பேங்க்கில் மதுவந்தி என்கிற அதிகாரி இருந்தாள். ஊருக்குப் புதுசு, மதுரையிலிருந்து தினம் வந்து போகிறவள். புகார் எண்ணை வாங்கிக் கம்ப்யூட்டரில் பார்த்தாள். எழுதிக் கொடுக்கச் சொன்னாள். கனகா எழுதினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடம் வந்தபோது, பழக்கத்தில் பேனாவை எடுத்தவள், வட்டம் போடாமல் விரலால் தொட்டுக் காட்டினாள்.

"கனகா, நான் இத அவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும்" என்றாள் மதுவந்தி. மலையம்மாள் பக்கம் திரும்பினாள். "அம்மா, நம்பர நீங்களே சொன்னதால, நீங்க எங்களுக்குச் சொல்றதுக்கு முன்னாடி போன பணத்துக்கு பேங்க் பொறுப்பு எடுத்துக்காது. நீங்க சொன்னதுக்கு அப்புறம் ஒத்த ரூபா போனாலும் அது எங்க பொறுப்பு. புரியுதாம்மா?"

"புரியுது. போனது போனதுதான்னு சொல்றீக."

"அப்படிச் சொல்லல. நீங்க அரை மணி நேரத்துக்குள்ள சொல்லிட்டீங்க. அவன் அந்தப் பணத்த எந்தக் கணக்குக்கு மாத்துனானோ அங்க நிறுத்தி வைக்கச் சொல்லி தகவல் போயிருக்கும். அவன் எடுக்கறதுக்குள்ள நின்னுதா இல்லையாங்கறது ரெண்டு நாள்ல தெரியும்."

"நின்னா உடனே குடுத்துருவீகளா?"

"இல்லம்மா. போலீஸ் விசாரிச்சு உத்தரவு வரணும். மாசக் கணக்குல ஆகலாம்."

"எனக்கு மழ மாசக் கணக்குல காத்திருக்காது" என்றாள் மலையம்மாள். அதைச் சண்டை போடுகிற மாதிரிச் சொல்லவில்லை. தேதி சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. பதினேழாயிரம் யாரோ ஒருத்தன் கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஏழாயிரத்து ஐந்நூறை அவன் அதற்குள் எடுத்துவிட்டான். மதுரை சைபர் கிரைம் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்புகிற வழியில், பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மதினி, அந்த ஏழாயிரத்து ஐந்நூற நான் தாரேன்" என்றாள் கனகா. "வட்டம் போட்டது நான்."

"நீ எதுக்குத் தார? நீயா எடுத்த?"

"இல்ல, இருந்தாலும்..."

"நீ தந்தா நான் வாங்கிருவேன். வாங்கிட்டா, கனகா தண்டம் கட்டுனான்னு ஊருல சொல்லுவாக. அப்பறம் ஒருத்தியும் ஒனக்கு எதுவும் வந்து காட்ட மாட்டா. வேண்டாம். அந்தப் படத்துக்குப் பதிலா வேற என்ன போடப் போற, அதச் சொல்லு."

கனகா அதை யோசித்து வைத்திருந்தாள். புதுப் படம் ஒன்று செய்திருந்தாள். அதில் லிங்க்கும் நம்பரும் கறுப்பாக முழுசாக அடிக்கப்பட்டிருந்தன. ஆசைப்பட்டாலும் யாராலும் அதற்குப் போன் போட முடியாது. குறுக்கே பெரிசாக ஒரு பெருக்கல் குறி. எழுத்து ஒன்றும் இல்லை. எழுத்துக்குப் பதிலாகப் பேச்சில் சொல்லலாம் என்று இருந்தாள். "ஆனா என் கொரல்ல சொன்னா மறுபடி, கனகா ஏதோ செய்யச் சொல்றான்னுதான் கேப்பாக. நீங்க பேசுனா நல்லாருக்கும்."

"இப்பவா? பஸ்ஸிலயா?"

"மெல்லப் பேசுங்க."

மலையம்மாள் மெல்லப் பேசுகிறவள் இல்லை. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "நான் மலையம்மா பேசுறேன். பேங்க்குல இருந்துன்னு ஒரு மெசேசு வரும். கணக்க மூடுறேம்பான். இன்னைக்கே செய்யிம்பான். அவசரப்பட்டாம்னா அவன் திருடன். பேங்க்குக்கு ஒரு அவசரமும் கெடையாது, நம்ம போனா எம்புட்டு நேரம் நிக்க வைக்கிறாங்க. நீலமா இருந்தா தொடாதீக. அவன் குடுக்குற நம்பருக்குப் போடாதீக. போனுக்கு வர்ற ஆறு நம்பர பெத்த மக கேட்டாலும் சொல்லாதீக. எதா இருந்தாலும் கார்டையும் போனையும் எடுத்துக்கிட்டு நேருல போங்க. தப்பிச் சொல்லிட்டீகன்னா வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டுல உக்காராதீக, அந்த நிமிசமே ஒண்ணு ஒம்போது மூணு பூச்சியம். நான் போட்டேன், பாதிக்கு மேல நின்னுச்சு. நான் ஏமாந்தது எப்பிடின்னா, கனகா வட்டம் போட்டிருந்தா, அதுல போன் போட்டேன்."

கனகா பதிவை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒத்தக்கடை தாண்டியிருந்தது. அந்தக் குரூப்பில், பேங்க் வேலையில் அவளுக்கு மேலே இருக்கிற ஒருங்கிணைப்பாளர் அருண்பாண்டியும் இருக்கிறான். அவன் கேட்டால் மிஷினைத் திருப்பி வாங்கினாலும் வாங்குவான்.

"மதினி, கடைசி வரிய மட்டும் எடுத்துட்டு மறுபடி பேசுறீகளா?"

"எடுக்க மாட்டேன்."

"நான் தப்பு செஞ்சத மறைக்கச் சொல்லல. என் பொழப்பு..."

"அந்த வரிய எடுத்துட்டா நான் கிறுக்குப் பிடிச்சு எவனுக்கோ போன் போட்டேன்னுதான் நெனைப்பாளுக. நான் கிறுக்கி இல்ல. பதினோரு வருசமா சொன்ன பேச்சக் கேட்டேன். அது தெரியணுமா வேண்டாமா? நீ வட்டம் போட்டத நம்பாதீகன்னு நான் சொல்லல. எதுக்கு வட்டம் போட்டன்னு கேட்டுட்டு வைங்கன்னு அவளுகளுக்குத் தானாப் புரியும்."

மலையம்மாளிடம் வாதாடி யாரும் ஜெயித்ததில்லை. கனகா ஒரு தடவை முழுசாகப் போட்டுக் கேட்டாள். மலையம்மாள் தன் குரலைக் கேட்டுவிட்டு, "என் நாத்தனா பேசுற மாதிரி இருக்கு" என்று முகத்தைச் சுளித்தாள். கனகா வெட்டாமல் அப்படியே அனுப்பினாள்.

அருண்பாண்டி மறுநாள் கூப்பிட்டான். "என்னக்கா இது, ஒங்க பேரு வருது?" என்றான். "ஆமா தம்பி, நெசந்தான்" என்றாள். எழுதிக் கொடுக்கச் சொன்னான். எழுதிக் கொடுத்தாள். மிஷினை வாங்கவில்லை. அந்தப் பேச்சை மற்ற ஊர்க்காரர்களுக்கும் அனுப்பலாமா என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

கையில் இருந்த மிச்சப் பணத்தில் மலையம்மாள் சுவரை ஜன்னல் மட்டம் வரை எழுப்பினாள். அதற்கு மேல் தார்ப்பாய் கட்டினாள். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அதற்குள் படுத்தாள். பள்ளிக்கூட வராண்டாவுக்குப் போகவில்லை. மகள் கோச்சடைக்குக் கூப்பிட்டும் போகவில்லை. கனகா தினம் சாயங்காலம் அந்த வழியாக வீட்டுக்குப் போனாள். நேர் வழி அது இல்லை.

தை பிறந்து இரண்டு வாரம் இருக்கும். மலையம்மாள் கனகாவின் அறைக்குள் வந்து, போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"மெசேசு ஒண்ணு வந்திருக்கு. பதினேழாயிரம் வந்திருச்சுன்னு ஊருக்கு வந்திருக்க மக படிச்சுச் சொன்னா. நான் நம்பல."

கனகா போனைத் திருப்பிப் பார்த்தாள். அனுப்பின இடத்தில் பேங்க்கின் சுருக்கப் பேர். கணக்கின் கடைசி நாலு நம்பர். தொகை, தேதி. லிங்க் இல்லை, கூப்பிடச் சொல்லி நம்பர் இல்லை, எதுவும் செய்யச் சொல்லவில்லை. நல்ல மெசேஜ் மாதிரிதான் இருந்தது. நல்ல மெசேஜ்தான் என்று அவள் சொல்லவில்லை.

"வெரல வைங்க மதினி. கணக்குலயே பாத்துருவோம்."

மலையம்மாள் கட்டைவிரலைச் சேலையில் துடைத்துவிட்டு மிஷினில் வைத்தாள். முதல் தடவை பிடிக்கவில்லை; சிமெண்டு வேலை பார்த்த விரலுக்கு அப்படித்தான். இரண்டாவது விரலில் பிடித்தது. சீட்டு வெளியே வந்தது. கனகா அதைக் கிழித்து, பதினேழாயிரம் ஏறியிருந்த இடத்தைப் படித்துக் காட்டினாள். மலையம்மாள் சீட்டை வாங்கி எட்டாக மடித்துச் சுருக்குப் பைக்குள் போட்டாள்.

"இப்ப எடுக்குறீகளா?"

"பத்தாயிரம் எடு. கூரைக்குக் கம்பி சொல்லணும். கொத்தனாரு நாளைக்கே வாரேம்னாரு."

கனகா பணத்தை எண்ணிக் கொடுத்தாள். மலையம்மாள் தானும் ஒரு முறை எண்ணினாள். எண்ணி முடித்ததும் எழுந்து, வெயிலில் சேலையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, கம்பிக் கடை இருக்கிற பக்கம் நடந்தாள்.